நிலம் விக்க பார்ட்டி கமிஷன் லெட்டர் கேக்கறாங்க, எப்படி எழுதறதுங்க?

நொய்யல்கரை

வணக்கமுங்க. கிணத்துக்கடவு பக்கம் ஒரு தென்னந்தோப்பு விற்பனைக்கு வந்திருக்குது. பட்டாப்படி 3 ஏக்கர் 20 சென்ட். ஏக்கர் 55 லட்சம் எதிர்பார்க்கறாங்க. உரிமையாளர் கோயமுத்தூர்ல இருக்கற ஒரு அம்மா. பையன் வெளிநாட்டுல. அவர்தான் "கமிஷன் எவ்வளவு, அதுக்கு என்ன வேலை செய்வீங்கன்னு ஒரு லெட்டர் குடுங்க, படிச்சுட்டு அம்மா கையெழுத்துப் போடுவாங்க" அப்படின்னு சொல்லிட்டார். இந்தப் பக்கம் வாய்ப்பேச்சுலயே எல்லாம் முடியும், லெட்டர் எழுதிப் பழக்கமில்லீங்க. நான் எழுதினது இது:

> "தங்கள் நிலத்தை விற்றுக் கொடுப்பதற்கு 2% கமிஷன் தரச் சம்மதிக்கிறீர்கள். கமிஷன் கிரயத்தன்று தர வேண்டும். இதர செலவுகள் தனி."

இது போதுங்களா? எனக்கு ஜிஎஸ்டி பதிவு இல்லை, வருச வரவு அந்த அளவுக்கு இல்லீங்க.

தென்னமட்டை

தம்பி, வெள்ளைத்தாள்ல எழுதினா செல்லாது. முத்திரைத்தாள் வாங்கி, ரெண்டு சாட்சி போட்டு, நோட்டரி கிட்ட சீல் வெச்சாத்தான் லெட்டருக்கு மதிப்பு. அதை விட்டுட்டு எத்தனை வரி எழுதினாலும் வீண். ஆனா ஒண்ணு, நம்ம ஊர்ல பார்ட்டி கிட்ட முத்திரைத்தாளை நீட்டினா "என்னடா, எம்மேல நம்பிக்கை இல்லையா"ன்னு மூஞ்சி சுளிப்பாங்க. அதனால என் யோசனை, லெட்டரே வேண்டாம்.

பத்திரமேசை

அண்ணா சொல்றது பாதி சரிங்க. ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்ட லெட்டர் வெள்ளைத்தாள்ல இருந்தாலும் ஒப்பந்தம்தான். நோட்டரி கட்டாயம் இல்லை, சாட்சியும் கட்டாயம் இல்லை. முத்திரைத்தீர்வை எங்க வந்து நிக்கும்னா, நாளைக்கு தகராறு கோர்ட்டுக்குப் போகும்போது. தீர்வை கட்டாத தாளை ஆதாரமா எடுத்துக்க மாட்டாங்க. அப்பக்கூட அபராதத்தோட கட்டினா எடுத்துக்குவாங்க. ஆகையால முதல்லயே முத்திரைத்தாள்ல அடிச்சுக்கறது நல்லது. பழைய 20 ரூபா கணக்கை வெச்சுக்காம, இன்னைக்கு என்ன தொகைன்னு வெண்டர் கிட்டயே கேட்டுக்கங்க.

ஆனா நொய்யல்கரை தம்பியோட லெட்டர்ல குறை தாள்ல இல்லை, வாசகத்துல இருக்குது. "2% கமிஷன்" அப்படின்னா எதுல 2%? பட்டாவுல இருக்கற 3.20-க்கா, அளந்து வர்ற அளவுக்கா? கேட்ட விலைக்கா, முடிஞ்ச விலைக்கா?

உங்க தோப்பையே எடுத்துக்குவோம். 3.20-ஐ 55 லட்சத்தால பெருக்கினா 1 கோடியே 76 லட்சம். 2% போட்டா 3,52,000. இப்ப சர்வேயர் வந்து அளக்கறார்னு வெச்சுக்கங்க. தென்னந்தோப்புகள்ல அடிக்கடி வர்ற சங்கதி, ஓரத்துல பக்கத்துக் காட்டுக்காரர் வண்டி போற தடம். பட்டாவுல அது இவங்க பேர்லதான் இருக்கும். ஆனா வாங்கறவர் "தடத்துக்கு நான் காசு தரமாட்டேன்"னு நிப்பார். 15 சென்ட் போச்சுன்னா மிச்சம் 3.05. விலை 1,67,75,000. 2% போட்டா 3,35,500. வித்தியாசம் 16,500 ரூபா. சின்னத் தொகைதான். ஆனா கிரயத்தன்னைக்கு, சார்பதிவாளர் ஆபீஸ் வாசல்ல, எல்லாரும் பணம் எண்ணிட்டு இருக்கற நேரத்துல இந்த 16,500 தான் ஆறு மாசப் பழக்கத்தை முறிக்கும்.

ஆகவே வாசகம் இப்படி வரணும்: "அளந்து முடிவான பரப்புக்கு, கிரயப் பத்திரத்தில் எழுதப்படும் மொத்த விலையில் 2 சதவீதம்." கீழேயே உத்தேசக் கணக்கை ரூபாயில் போடுங்க. "3.20 ஏக்கர், ஏக்கர் 55 லட்சம் என்றால் கமிஷன் 3,52,000 ரூபாய்." வயசான அம்மாவுக்கு சதவீதம் புரியாமப் போகலாம். ரூபா புரியாமப் போகாது.

காங்கயம் 47

பத்திரத்துல எழுதற விலையில் 2 சதவீதமா? நம்மாளுக பத்திரத்துல காட்டறதே வேற, கையில வாங்கறது வேற. அப்ப புரோக்கர் பட்டினிதான்.

பத்திரமேசை

அப்படி ரெண்டு விலை இருக்கற டீலுக்கு நான் லெட்டர் எழுதிக் குடுக்க மாட்டேங்க. லெட்டர்ல உண்மை விலையை எழுதினா அதுவே பத்திரத்துக்கு எதிரான சாட்சி. பொய் விலையை எழுதினா கமிஷன் கேக்க வழியில்லை. முழு விலையும் பத்திரத்துல வர்ற டீலுக்குத்தான் இந்த லெட்டர்.

தறிச்சத்தம்

பல்லடத்துல ஒரு குடோன் வாடகைக்கு எடுத்தோம். ரெண்டு மாச வாடகை கமிஷன்னு புரோக்கர் கேக்கறாருங்க. ஒரு மாசம்தானே வழக்கம்? இதுக்கு சட்டத்துல என்ன இருக்குது?

பவானி அம்மணி

தறிச்சத்தம் தம்பி, இது கிரயத்துக்கான இழைங்க. ஆனா உங்க கேள்விக்கும் பதில் அதே இடத்துலதான் இருக்குது. வாடகைக் கமிஷன் இத்தனை மாசம்னு சட்டம் எதையும் கட்டி வைக்கலை. பேசினதுதான் கணக்கு. குடோன் பாக்கறதுக்கு முன்னாடி வாட்ஸப்புல "ஒரு மாச வாடகை" அப்படின்னு ஒரு வரி வந்திருந்தா தேடி எடுங்க. இல்லைன்னா பேசித்தான் தீர்க்கணும்.

நொய்யல்கரை, நான் ஈரோட்டுல ஆடிட்டர் ஆபீஸ்ல இருக்கறேன். எங்க பார்வையில உங்க லெட்டர்ல இல்லாத முதல் வரி இதுதான்: வாங்கறவர் கிட்டயும் நீங்க காசு வாங்குவீங்களா? அந்தப் பையன் கேக்கறதும் அதைத்தான்னு நினைக்கறேன். "என்ன வேலை செய்வீங்க"ன்னு கேட்டா, "யாருக்காக வேலை செய்வீங்க"ன்னு அர்த்தம்.

நொய்யல்கரை

ஆமாங்க அக்கா, வாங்கறவங்க கிட்ட 1% வாங்கறது வழக்கம்தான். எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேன்னு எழுதலை.

பவானி அம்மணி

எல்லாருக்கும் தெரிஞ்சதுன்னு நாம நினைக்கறோம். அந்த அம்மா வாழ்க்கையில ஒரே ஒருக்கா நிலம் விக்கறாங்க, அவங்களுக்கு எப்படித் தெரியும்? 3.05 ஏக்கர் கணக்குல அந்த 1% மட்டும் 1,67,750 ரூபா வருது. பின்னால வேற யாரோ சொல்லித் தெரிஞ்சா, "எனக்கு விலையைக் கூட்டிக் குடுக்கறவனா, அவனுக்குக் குறைச்சுக் குடுக்கறவனா"ன்னு மனசுல விழுந்துரும். அப்புறம் நீங்க 54 லட்சத்துக்கு ஒரு பார்ட்டி கொண்டு போனாக்கூட, நியாயமான விலைன்னு நம்ப மாட்டாங்க.

எழுதறது சுலபம்: "வாங்குபவரிடமிருந்து 1 சதவீதம் நான் தனியாகப் பெறுவேன். இது அவருக்கும் எழுத்தில் தெரிவிக்கப்படும்." ரெண்டாவது வரியை விட்டுறாதீங்க. ஒரு பக்கம் மட்டும் தெரிஞ்சா பாதிதான் வெளிப்படை.

காங்கயம் 47

அம்மணி, நான் வேற முறை சொல்றேன். "உங்க கைக்கு ஏக்கருக்கு 52 வந்தாப் போதுமா? மேல கிடைக்கறது எனக்கு. கமிஷனே தர வேண்டாம்" அப்படின்னு பேசிக்கறது. விக்கறவங்களுக்கு சல்லிக்காசு செலவில்லை, அவங்க சந்தோசமா ஒத்துக்குவாங்க. எங்க பக்கம் பாதி டீல் இப்படித்தான் நடக்குது. லெட்டர் தேவையே இல்லை.

பத்திரமேசை

இழையோட முக்கியமான இடம் இதுதான். கொஞ்சம் விரிவாவே சொல்றேங்க.

52 கைக்கு, 55-க்கு முடிச்சாச்சு. ஏக்கருக்கு 3 லட்சம், 3.05 ஏக்கருக்கு 9,15,000. 2% கமிஷன்னா 3,35,500 தான். "கமிஷனே வேண்டாம்"னு சொன்னவர் ரெண்டரை மடங்குக்கு மேல எடுத்துட்டுப் போறார். அந்த அம்மாவுக்கு 55-க்குப் போச்சுன்னே தெரியாது. இப்ப பத்திரத்துல என்ன விலை எழுதறது? 55 எழுதினா, வராத 9,15,000-க்கும் சேர்த்து அந்த அம்மா கணக்குக் காட்டணும். 52 எழுதினா, வாங்கறவர் 9,15,000-ஐ ரசீது இல்லாம புரோக்கர் கையில குடுக்கணும். பாங்க் லோன்ல வாங்கறவரால அது முடியாது. ரொக்கமாத் தந்தா, 2 லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கறதுக்கு வருமான வரிச் சட்டத்துல தடை இருக்குது. வாங்கின தொகை அளவுக்கே அபராதம் வரும், அது வாங்கினவர் தலையில, அதாவது புரோக்கர் தலையில விழும்.

1872-ம் வருச இந்திய ஒப்பந்தச் சட்டத்துல முகவர் பத்தின பகுதி இருக்குது. 216-வது பிரிவு சொல்றதோட சாரம் இது: முதலாளிக்குத் தெரியாம முகவர் அந்த வேலையிலயே தன் கணக்குல லாபம் பார்த்தா, அந்த லாபத்தை முதலாளி கேட்டு வாங்கலாம். 220 இன்னும் கடுமை. வேலையில தப்பா நடந்துகிட்ட முகவருக்கு, அந்தத் தப்பு நடந்த பகுதிக்கு ஊதியமே கிடையாது. மேல வெச்ச 9,15,000-ஐயும் திருப்பிக் குடுத்து, நேர்மையா நடந்திருந்தா கிடைச்சிருக்கற 3,35,500-ஐயும் இழக்கற நிலை வரலாம்.

காங்கயம் 47

"தெரியாம" அப்படின்னுதானே பிரிவு சொல்லுது? தெரிஞ்சே அவங்க ஒத்துக்கிட்டா? "55-க்குக் கேப்பேன், 52 உங்களுக்கு, மிச்சம் எனக்கு"ன்னு எழுதிக் கையெழுத்து வாங்கிட்டா என்னங்க தப்பு?

பத்திரமேசை

நியாயமான கேள்வி. கடைசியா முடிஞ்ச விலையும் அவங்களுக்குத் தெரியணும், மிச்சம் எத்தனை ரூபான்னும் தெரியணும். அதுக்கு உங்க பேர்ல பில் போட்டு, உங்க வருமானமாக் காட்டணும். இத்தனையும் செஞ்சா மறைப்புன்னு சொல்ல முடியாது. ஆனா அப்படி எழுதின லெட்டரை நான் பார்த்ததில்லை. 9,15,000-னு ரூபாயில எழுதிட்டா எந்த உரிமையாளரும் கையெழுத்துப் போடமாட்டார்னு எல்லாருக்கும் தெரியும், அதனாலதான் எழுதறதில்லை.

பவானி அம்மணி

எனக்கு இதுல முழுச் சம்மதம் இல்லீங்க பத்திரமேசை. எழுதினாலும் புரோக்கரோட நாட்டம் மாறிருது. 53-க்கு உடனே பணத்தோட ஒருத்தர் வந்தா அந்த அம்மாவுக்கு நல்லது, ஆனா புரோக்கருக்கு ஏக்கருக்கு 1 லட்சம்தான். அவர் காட்டாமலே திருப்பி அனுப்பிருவார். சதவீதத்துல ரெண்டு பேரும் ஒரே பக்கம் நிப்பாங்க. நொய்யல்கரை சதவீதத்தோடவே இருக்கட்டும்.

காங்கயம் 47

சதவீதத்துலயும் அதே கதைதானுங்க. ஏக்கருக்கு 1 லட்சம் கூட வாங்கிக் குடுத்தா எனக்கு 2,000 ரூபா. அதுக்கு எவன் ரெண்டு மாசம் காத்திருப்பான்? வந்த விலைக்கு முடிச்சு விட்டுட்டுப் போவான். மேல வெச்சாத்தான் விலை ஏறும்.

பவானி அம்மணி

அது உண்மைதான், இல்லைன்னு சொல்லலை. அந்த 1 லட்சத்துல எத்தனை யாருக்குப் போகுதுங்கறதுதான் என் கேள்வி.

தென்னமட்டை

சரி, பணம் எப்ப? கிரயத்தன்னைக்குன்னு தம்பி எழுதியிருக்குது. அக்ரிமெண்ட் போட்டு அட்வான்ஸ் வாங்கின அன்னைக்கே பாதி வாங்கிக்கணும். கிரயம் முடிஞ்சா யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. இது அனுபவம்.

பத்திரமேசை

அண்ணா சொல்ற பயம் சரிதான். ஆனா எழுதாம விட்டா சட்டம் அண்ணா பக்கம் நிக்காது. 219-வது பிரிவுப்படி, தனி ஒப்பந்தம் இல்லைன்னா வேலை முடியற வரைக்கும் முகவருக்கு ஊதியம் சேராது. விற்பனைக்குன்னு எழுதினா வேலை முடியறது கிரயத்துல. அக்ரிமெண்ட் அன்னைக்கு ஒரு பங்கு வேணும்னா அதை லெட்டர்ல எழுதித்தான் ஆகணும்.

எத்தனை பங்குங்கறது அவங்கவங்க பேச்சு. நான் கால் பங்கு எழுதுவேன். 3.20 உத்தேசக் கணக்குல 3,52,000-ல கால் பங்கு 88,000. கிரயத்தன்னைக்கு அளவு 3.05-னு முடிவானா மொத்தம் 3,35,500. அதுல 88,000 போக மிச்சம் 2,47,500. இந்தக் கழிப்பு லெட்டர்லயே ஒரு வரியா இருந்தா, கிரயத்தன்னைக்கு யாரும் காகிதத்தைத் தேட வேண்டியதில்லை.

அடுத்தது, அக்ரிமெண்ட் ஆகி டீல் முறிஞ்சா அந்த 88,000 என்ன ஆகும்? மூணு வகையாப் பிரியும். வாங்கறவர் பின்வாங்கி, அந்த அம்மா அட்வான்ஸை வெச்சுக்கிட்டா, 88,000 புரோக்கருக்கு. பத்திரத்துல வில்லங்கம்னு தெரிஞ்சு அட்வான்ஸைத் திருப்பிக் குடுத்தா, 88,000-ஐயும் 15 நாளைக்குள்ள திருப்பிக் குடுத்துறணும். மூணாவதுதான் சிக்கல். அந்த அம்மாவே மனசு மாறி விக்கலைன்னுட்டா?

தென்னமட்டை

முழுக் கமிஷன். வேலையை முடிச்சுக் குடுத்தாச்சு, அவங்க மாறினா நாம என்ன பண்றது?

பவானி அம்மணி

பணமே வராத டீலுக்கு மூணரை லட்சம் எங்கிருந்து தருவாங்க அண்ணா? வெளிநாட்டுல இருக்கற பையன் "அப்பா தோப்பு, விக்க வேண்டாம்மா"ன்னு ஒரு போன் பண்ணினாப் போதும். வாங்கின 88,000-ஓட நிறுத்திக்கறதுதான் நியாயம்.

பத்திரமேசை

ரெண்டையும் எழுதின லெட்டர்கள் பார்த்திருக்கேன். எதை எழுதினாலும் அந்த மூணாவது நிலையை லெட்டர் பேசணும், அதுதான் முக்கியம். தம்பி அந்த அம்மா கிட்ட நேர்ல உக்காந்து கேட்டு எழுதட்டும்.

நொய்யல்கரை

ரொம்ப நன்றிங்க. இன்னும் ஒண்ணு. இந்தத் தோப்பு எனக்குத் தெரிய வந்ததே உள்ளூர்க்காரர் ஒருத்தர் மூலமா. வாங்கற பார்ட்டி பொள்ளாச்சியில வேற ஒரு புரோக்கர் கையில இருக்கலாம். ஆக மொத்தம் மூணு பேர் ஆயிரும். இதை எப்படி எழுதறது?

பத்திரமேசை

கிரயத்தன்னைக்கு வாசல்ல "நானும் இந்த டீல்ல இருந்தேன்"னு நாலு பேர் வந்து நிக்கறது நம்ம பக்கம் சகஜம். விக்கறவங்க அன்னைக்குத்தான் அந்த முகத்தையே பார்ப்பாங்க. ஆகவே: "இந்த 2 சதவீதத்தில் என்னுடன் வேலை செய்யும் எல்லோருடைய பங்கும் அடக்கம். அவர்களுக்குத் தருவது என் பொறுப்பு. வேறு யார் கேட்டாலும் நீங்கள் தரத் தேவையில்லை." இந்த வரிக்காகவே உரிமையாளர்கள் லெட்டர்ல கையெழுத்துப் போடுவாங்க.

பதிலுக்கு உங்களுக்கும் ஒரு பாதுகாப்பு வேணும். நீங்க காட்டின பார்ட்டி உங்களை விட்டுட்டு நேரா அந்த அம்மா வீட்டுக்குப் போயிரலாம். "நான் அறிமுகப்படுத்தியவர் இக்கடிதக் காலம் முடிந்து 90 நாட்களுக்குள் வாங்கினாலும் கமிஷன் உண்டு" அப்படின்னு எழுதலாம். ஆனா யாரை அறிமுகப்படுத்தினீங்கன்னு நிரூபிக்க முடியணும். பார்ட்டியைத் தோப்புக்குக் கூட்டிட்டுப் போற அன்னைக்கே அந்த அம்மாவுக்கு வாட்ஸப்புல தேதி, பார்ட்டி பேர், ஊர் மூணையும் அனுப்பி, "சரி"ன்னு ஒரு பதில் வாங்கிருங்க. அந்தப் பட்டியல்ல இல்லாத ஆளுக்கு 90 நாள் கணக்கு பேசக்கூடாது.

பவானி அம்மணி

அதுல ஒரு விலக்கு சேர்க்கணுங்க. தோப்புக்கு முதல் ஆசை பக்கத்துத் தோட்டக்காரருக்குத்தான். கிணத்துத் தண்ணி, தடம், எல்லை எல்லாம் ஒரே கையில வந்துருமில்லையா? அந்த அம்மா ஏற்கனவே அவர் கிட்ட பேசியிருக்கலாம், தம்பிக்குத் தெரியாது. அப்புறம் தம்பி அவரையே "பார்ட்டி"ன்னு கூட்டிட்டுப் போய் நிப்பார். லெட்டர் எழுதற அன்னைக்கே "நீங்க ஏற்கனவே யார் யார் கிட்ட பேசியிருக்கீங்க"ன்னு கேட்டு, அந்தப் பேர்களை "இவர்கள் வாங்கினால் கமிஷன் இல்லை"ன்னு எழுதிருங்க. பேர் போடாம "உறவினர், தெரிந்தவர்"னு பொதுவா எழுதினா ஊரே தெரிஞ்சவங்க ஆயிருவாங்க.

தறிச்சத்தம்

வாட்ஸப்புல தேடினேன் அம்மணி. "ஒரு மாச வாடகை"ன்னு அவரே அனுப்பியிருக்கறார். நன்றிங்க.

தென்னமட்டை

"இதர செலவுகள் தனி"ன்னு தம்பி எழுதினது சரிதானுங்களே? வில்லங்கம் போடறது, சர்வேயர் எல்லாம் விக்கறவங்க செலவுதானே?

பத்திரமேசை

செலவு விக்கறவங்களோடதுதான் அண்ணா, ஆனா "இதர"ங்கற சொல்லுக்கு அடி ஆழம் தெரியாது. எந்தெந்த செலவுன்னு பேர் சொல்லணும்: வில்லங்கச் சான்று, பட்டா, எஃப்எம்பிங்கற நில அளவு வரைபட நகல், சர்வே கட்டணம். அரசாங்க ரசீது இருக்கற செலவுக்கு ரசீது, இல்லாததுக்கு முன்கூட்டியே கேட்டு ஒப்புதல். மொத்தம் 10,000 ரூபாய்க்கு மேல போனா கேக்காம செய்யமாட்டேன்னு ஒரு உச்சவரம்பு. வண்டி பெட்ரோல், பார்ட்டிக்கு டீ சாப்பாடு எல்லாம் கமிஷனுக்குள்ள.

செய்யற வேலையிலயும் ஒரு எல்லைக்கோடு போட்டுக்கங்க தம்பி. வில்லங்கம் எடுத்துக் குடுக்கறது உங்க வேலை. "டைட்டில் கிளியர்"னு சொல்றது வக்கீல் வேலை. லெட்டர்ல "ஆவணங்களைத் திரட்டித் தருவேன், சட்டக் கருத்து தரமாட்டேன்" அப்படின்னு இருக்கட்டும். வாயால சொல்லிட்டு, பின்னால மூலப்பத்திரத்துல ஒரு அத்தையோட பங்கு விட்டுப் போயிருந்தா, முதல்ல உங்க கதவைத்தான் தட்டுவாங்க.

அட்வான்ஸ் உங்க கை வழியாப் போகக்கூடாது. "வாங்குபவர் தரும் தொகை நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். நான் பெற்றுக்கொள்ள மாட்டேன்." நிலத்துக்கான அட்வான்ஸ் 20,000 ரூபாயும் அதுக்கு மேலயும் ரொக்கமா வாங்கக்கூடாதுன்னு வருமான வரிச் சட்டமே சொல்லுது.

பவானி அம்மணி

வரி பத்தி ரெண்டே வரி. ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர் பில்லுல ஜிஎஸ்டி சேர்த்து வாங்கக்கூடாது. சேவைத் தொழில்ல வருச வரவு 20 லட்சம் தாண்டினா பதிவு எடுக்கணும், அப்ப 18%. தம்பிக்கு இப்ப பதிவு இல்லை. லெட்டர்ல "2 சதவீதத்துக்கு மேல் வரி எதுவும் கேட்கமாட்டேன்"னு போடட்டும். வருச நடுவுல பதிவு எடுக்க நேர்ந்தா அந்த 18% தம்பி கையிலிருந்து போகும், அதைத் தெரிஞ்சே எழுதணும். 3,35,500-ஐ வரி அடங்கின தொகையா எடுத்தா வரி மட்டும் 51 ஆயிரத்துக்கு மேல வருது. ரெண்டு பெரிய டீல் ஒரே வருசத்துல முடிஞ்சா இது வந்து நிக்கும்.

வாங்கறவர் கம்பெனியா இருந்தா அவர் தர்ற 1%-ல டிடிஎஸ் 2% பிடிச்சுட்டுத் தருவார். அது தம்பியோட கணக்குல கழிஞ்சுரும், பயப்பட வேண்டாம். அந்த அம்மா மாதிரி தொழில் இல்லாத தனிநபர் பிடிக்க வேண்டியதில்லை.

காங்கயம் 47

ரியல் எஸ்டேட் சட்டமான ரெராவோட பதிவு நம்பர் லெட்டர்ல போடணும்னு சொல்றாங்களே, அது வேண்டாமா?

பத்திரமேசை

விவசாய நிலத்தை அப்படியே ஏக்கர் கணக்குல விக்கறதுக்கு வேண்டாங்க. அதே தோப்பை மனை பிரிச்சு, ரெராவுல பதிவாக வேண்டிய லேஅவுட்டா வித்தா, அதுல மனை வித்துக் குடுக்கற முகவரும் பதிவு எடுத்திருக்கணும். அப்ப நம்பர் போடாத லெட்டரே குறைதான்.

நொய்யல்கரை

எல்லாத்தையும் சேர்த்து திரும்ப எழுதியிருக்கறேன். ஒருக்கா பாருங்க.

> கிணத்துக்கடவு தென்னந்தோப்பு விற்பனை: கமிஷனும் வேலையும்
>
> அம்மா அவர்களுக்கு,
>
> உங்கள் தோப்பை விற்பதற்கு உங்கள் சார்பில் நான் வேலை செய்வேன். வாங்குபவரைத் தேடுவது, இடம் காட்டுவது, விலை பேச உதவுவது, வில்லங்கச் சான்று, பட்டா, எஃப்எம்பி திரட்டுவது, அளக்க ஏற்பாடு செய்வது, கிரயத்தன்று கூட இருப்பது என் வேலை. சட்டக் கருத்து தரமாட்டேன். அதற்கு உங்கள் வக்கீலைக் கேட்கவும்.
>
> என் கமிஷன், அளந்து முடிவான பரப்புக்குக் கிரயப் பத்திரத்தில் எழுதும் மொத்த விலையில் 2 சதவீதம். 3.20 ஏக்கர், ஏக்கர் 55 லட்சம் என்றால் 3,52,000 ரூபாய். இதற்கு மேல் வரி எதுவும் கேட்கமாட்டேன். கூட வேலை செய்பவர்கள் பங்கும் இதில் அடக்கம். வேறு யாருக்கும் நீங்கள் தரத் தேவையில்லை.
>
> வாங்குபவரிடம் 1 சதவீதம் தனியாகப் பெறுவேன். அவருக்கும் இதை எழுத்தில் தெரிவிப்பேன். வாங்குபவர் சொல்லும் ஒவ்வொரு விலையையும் அன்றே உங்களுக்குச் சொல்வேன். உங்களுக்குத் தெரியாமல் விலையில் மேல் வைக்க மாட்டேன்.
>
> விற்பனை ஒப்பந்தத்தன்று 88,000 ரூபாய். மீதி, விற்பனை முடிந்ததும். இரண்டும் வங்கி வழியாக, ரசீதுடன்.

முறிஞ்சா என்ன, 90 நாள், விலக்குப் பேர்கள், செலவுப் பட்டியல் நாலும் ரெண்டாம் பக்கத்துல வருதுங்க. லெட்டர் காலம் ஆறு மாசம்னு போட்டிருக்கறேன்.

பவானி அம்மணி

"ஒவ்வொரு விலையையும் அன்றே சொல்வேன்" ரொம்ப நல்ல வரி தம்பி, நாங்க யாரும் சொல்லாதது. 53-க்கு வந்த ஆளைத் திருப்பி அனுப்பற பேச்சுக்கே இடமில்லை.

பத்திரமேசை

"விற்பனை முடிந்ததும்"னு ஒரு சொல் நழுவியிருக்குது. அந்த அம்மாவுக்கு விற்பனை முடியறது பணம் வந்த அன்னைக்கு, வாங்கறவருக்கு பட்டா மாறின அன்னைக்கு. பட்டா மாற்றம் இழுத்தா உங்க 2,47,500-உம் அதோட இழுபடும். "சார்பதிவாளர் அலுவலகத்தில் கிரயம் பதிவாகும் அன்று, முழு விலையும் உங்கள் கணக்கில் வந்த பிறகு" அப்படின்னு மாத்துங்க. அப்புறம், உத்தேசக் கணக்குக்குப் பக்கத்துல தடத்துக்கு 15 சென்ட் போனா எவ்வளவுன்னு இன்னொரு கணக்கும் போட்டுருங்க. அந்தத் தடத்தைப் பத்தி இப்பவே அந்த அம்மா கிட்ட கேட்ட மாதிரியும் ஆகும்.

தென்னமட்டை

ஆறு மாசத்துக்கு அவங்க வேற புரோக்கர் கிட்ட போகக்கூடாதுன்னு போடலையா தம்பி?

நொய்யல்கரை

அதைத்தான் யோசிச்சுட்டு இருக்கறேங்க அண்ணா. போட்டா அவங்க கையைக் கட்டின மாதிரி ஆகுது, போடலைன்னா நான் ஓடி ஓடிக் காட்டின தோப்பை வேற ஒருத்தர் முடிச்சுருவார்.

பவானி அம்மணி

முதல் 60 நாள் உங்களுக்கு மட்டும், அதுக்கப்புறம் எல்லாருக்கும்னு போட்டுப் பாருங்க. அந்த 60 நாள்ல எத்தனை பார்ட்டி காட்டினீங்கன்னு வாட்ஸப் பட்டியல் சொல்லிரும்.

காங்கயம் 47

60 நாள்ல தோப்பு விக்காதுங்க அம்மணி. மழை பிடிச்சா பார்ட்டி காட்டுக்குள்ள கால் வைக்க மாட்டான். நாலு மாசமாவது வேணும்.

நொய்யல்கரை

ஞாயித்துக்கிழமை அம்மா வீட்டுக்குப் போறேன், பையன் வீடியோ கால்ல இருப்பாராம். 60 நாளா நாலு மாசமான்னு அங்கயே கேட்டுட்டு வந்து எழுதறேனுங்க.